தரகு என்று சொல்லிவிடு

கடலுக்குப் போகிறவர்கள் நெற்றியில் கட்டிக்கொள்ளும் லைட் ஒன்றை என் கணவருக்கு ஆன்லைனில் வாங்கிக் கொடுத்தேன். ஒருவர் வீடியோவில் அதை அப்படிப் புகழ்ந்திருந்தார். மழையில் நனையலாம், தண்ணீரில் விழலாம், ஒன்றும் ஆகாது என்றார். அவருடைய லிங்கைத் தொட்டுத்தான் வாங்கினேன். முதல் தடவை கடலில் அலை தெறித்ததுமே லைட் அணைந்துபோனது. என் கணவர் கரைக்கு வந்து அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"அந்த ஆளு இத்த வூட்டு உள்ளயே எரிய வுட்டுப் பாத்துருப்பாரு" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த வார்த்தை மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. லைட்ஹவுஸ் குப்பத்தில் எங்கள் தெருவில் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. எல்லோரும் வீடியோ பார்த்துத்தான் சாமான் வாங்குகிறார்கள். ஆனால் அந்த வீடியோக்களில் பேசுகிற யாருக்கும் உப்புத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது. நான் பி.காம். முடித்து வீட்டில் இருந்தவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொன்னேரியில் ஒரு கடையில் கணக்கு எழுதினேன். குழந்தை பிறந்த பிறகு தினமும் பஸ் பிடித்துப் போய் வர முடியவில்லை. லிங்க் போடுகிறவர்களுக்கு விற்பனையில் கமிஷன் வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நாமே பொருளைப் பயன்படுத்திப் பார்த்து, உள்ளதை உள்ளபடி சொன்னால் என்ன என்று தோன்றியது.

இதை முதலில் என் ஓரகத்தியிடம்தான் சொன்னேன். என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். கருவாடு போடுவார், பழவேற்காடு மார்க்கெட்டில் மீன் விற்பார். எந்தக் கத்தியும் கத்தரிக்கோலும் அவர் கையில் ஒரு மாதம் தாங்கினால் பெரிய விஷயம். எனக்குப் பேச்சு வரும். அவருக்குக் கை வேகம். வீடியோவில் முகம் வர அவருக்கு இஷ்டமில்லை. "கைய எடுத்துக்கோ, மூஞ்சிய வுட்டுடு" என்றார். அதனால் எங்கள் வீடியோவில் அவர் கை மட்டும்தான் தெரியும். குரல் என்னுடையது.

முதல் வீடியோ மீன் வெட்டும் கத்தரிக்கோல் பற்றியது. அதைப் பேசி முடித்து, போனை அணைக்கப் போகும்போது, கீழே லிங்க் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அக்கா என்னை நிறுத்தினார்.

"அதுல ஒனக்குக் காசு வருதுல்ல? அத்த சொல்லல?"

சொல்ல வேண்டும் என்று கமிஷன் தரும் அந்த ஆன்லைன் கடையின் விதியிலேயே இருக்கிறது, கீழே எழுதப் போகிறேன் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"கீழ எழுதுனா எவன் படிப்பான்? கரையில ஏலம் வுடறவரு கமிஷன் எடுக்கறாருன்னு எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அவர்கிட்ட மீனு போடறோம். நீயும் தரகுனு சொல்லிடு. மொதல்லயே சொல்லிடு."

அன்றிலிருந்து எங்கள் எல்லா வீடியோவும் அப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த லிங்க்கில் நீங்கள் வாங்கினால் எங்களுக்குக் கொஞ்சம் தரகு வரும், உங்களுக்கு விலை ஏறாது, லிங்க் வேண்டாம் என்றால் கடையிலும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே ஓடிவிடுவார்கள் என்று பயந்தேன். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் அப்போது ஓடுவதற்கே ஆள் இல்லை.

எங்கள் வீடியோவைப் பார்த்தவர்கள் முதல் மாதங்களில் சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும்தான். என் கணவருக்கு என் மேல் பரிதாபம் வந்துவிட்டது. அவரும் அவரோடு ஃபைபர் போட்டில் போகிறவர்களும் பேசிக்கொண்டு, எல்லோருமாக என் லிங்க்கில் ஆளுக்கொரு கத்தரிக்கோல் வாங்கினார்கள். மீனே வெட்டாத ஒருவர்கூட வாங்கினார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. விதியை மறுபடி படித்தபோதுதான் புரிந்தது. நாமே வாங்குவதும், வீட்டுக்காரர்களும் தெரிந்தவர்களும் நமக்காக வாங்குவதும் கணக்கில் சேராது. என் கணவரிடம் சொன்னபோது, "அப்போ கத்தரிக்கோல இன்னா பண்றது?" என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் வாங்கி மார்க்கெட்டில் பக்கத்துக் கடைப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அதோடு போகவில்லை. கணக்குத் தொடங்கி ஆறு மாதத்துக்குள் குறைந்தது மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். எங்கள் கணக்கை மூடிவிட்டதாக மெயில் வந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது. திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று அந்த மெயிலிலேயே இருந்ததை அடுத்த நாள்தான் கவனித்தேன். மறுபடியும் பான் கார்டு, பேங்க் விவரம் எல்லாம் கொடுத்துப் புதிதாகத் தொடங்கினேன்.

இரண்டாவது தடவை நாங்கள் செய்ததில் ஒரே ஒரு மாற்றம். பொருள் வந்த அன்றே வீடியோ எடுப்பதை விட்டோம். கையுறை என்றால் அக்கா அதைப் போட்டுக்கொண்டு சில வாரம் நண்டு சுத்தம் பண்ணுவார். எந்த விரலில் முதலில் கிழிந்தது என்று காட்டுவோம். போனை நனையாமல் வைக்கும் உறை என்றால் என் கணவர் கடலுக்குக் கொண்டுபோவார், உள்ளே போனுக்குப் பதிலாகக் காகிதத்தைச் சுருட்டி வைத்து. காகிதம் ஈரமாகிவிட்டால் ஈரக் காகிதத்தையே காட்டுவோம். இப்படிச் செய்ததால் மாதத்துக்கு இரண்டு வீடியோ போடுவதே கஷ்டமாக இருந்தது. ஆனால் தெரியாதவர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். கடலூர்ப் பக்கம், ராமேஸ்வரம் பக்கம், மீன் கடை வைத்திருக்கிறவர்கள், ஊரில் மீன் கிடைத்தும் வெட்டத் தெரியாத புதுக் கல்யாணப் பெண்கள்.

கணக்கில் ஏறிய முதல் கமிஷன் பதினைந்து ரூபாய்ச் சொச்சம். முந்நூறு ரூபாய்க் கத்தரிக்கோலுக்கு. அக்காவிடம் காட்டினேன். "ஒரு டீயும் ஒரு போண்டாவும்" என்றார். பிறகு ஒருநாள் கத்தரிக்கோல் லிங்க்கில் வந்த யாரோ ஒருவர், கத்தரிக்கோலை விட்டுவிட்டு அன்றே பெரிய குக்கர் ஒன்று வாங்கியிருந்தார். லிங்கைத் தொட்டு ஒரு நாளுக்குள் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் நமக்கு ஒரு பங்கு உண்டு என்பது அப்போதுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்தது. குக்கரில் நூறு ரூபாய்க்கு மேல் வந்தது. "நம்ம குக்கரப் பத்திப் பேசவே இல்லியே" என்று அக்காவுக்குத் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். குக்கரை வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார், கமிஷனும் திரும்பிப் போய்விட்டது. பொருள் போய்ச் சேர்ந்து, திருப்பும் கெடு முடிந்த பிறகுதான் அது நம்முடைய காசு. அதற்கப்புறம் ஒரு குறைந்தபட்சத் தொகை சேர வேண்டும், சேர்ந்தாலும் பேங்க்குக்கு வர இரண்டு மாதம் ஆகும்.

இப்படி எங்கள் மாத வரவு நூறு, இருநூறு, ஐந்நூறு என்று நகர்ந்துகொண்டிருந்த சமயத்தில்தான் அந்தத் தராசு வந்தது.

சென்னையில் இருந்து ஒருவர் செய்தி அனுப்பினார். கையில் பிடித்துத் தொங்கவிடும் சின்ன டிஜிட்டல் தராசு விற்கிறார். எங்கள் வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். தராசு இலவசமாக அனுப்புவார், வீடியோவுக்கு ஐயாயிரம் ரூபாய் தருவார், அது போக அவர் தரும் கூப்பன் கோடு போட்டு யாராவது வாங்கினால் நூற்றுக்குப் பதினைந்து. நாங்கள் வழக்கமாக வாங்குவது நூற்றுக்கு நாலு, ஐந்து, பொருளைப் பொறுத்து. ஐயாயிரம் ரூபாய் அதுவரை ஓராண்டு லிங்க் போட்டுச் சம்பாதித்ததை விட அதிகம். அந்த வாரம்தான் போட் இன்ஜினில் கோளாறு என்று என் கணவர் கரையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் பயன்படுத்திப் பார்ப்போம், நல்லது கெட்டது இரண்டும் சொல்வோம், நீங்கள் பணம் தருவதையும் சொல்வோம் என்று எழுதினேன். சரி, அனுப்புகிறேன் என்றார்.

தராசு பார்க்க அழகாக இருந்தது. ஒரு கிலோ உப்பு பாக்கெட்டுகள் ஐந்தை ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டோம். ஐந்து கிலோ என்று அச்சாகக் காட்டியது. அக்காவுக்குப் பிடித்துவிட்டது. மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனார். மீன் எடை போடுகிற இடத்தில் ஐஸ் உருகி ஒழுகிக்கொண்டே இருக்கும், கையும் ஈரம், பையும் ஈரம். அவர் தன் பழைய தராசில்தான் விற்றார். புதியதில் கூடவே ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டார். சில நாளில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்தது. பூஜ்யத்தில் நிற்க வேண்டிய எண் தானாக ஆடியது. வீட்டுக்குக் கொண்டுவந்து அதே ஐந்து பாக்கெட்டைத் தொங்கவிட்டோம். ஒருமுறை ஐந்தே கால் கிலோ என்றது. இறக்கி ஏற்றினால் நாலே முக்கால் என்றது. வெயிலில் நன்றாகக் காயவைத்தோம். மறுபடி சரியாக ஐந்து காட்டியது.

இதை அப்படியே எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். தராசு நனைவதற்காகச் செய்ததே இல்லை என்றார். அது நியாயம்தான். அப்படியானால் அதையே சொல்கிறோம் என்றேன்.

"சிஸ்டர், நல்லா இருக்கறதப் பத்தி மட்டும் பேசுங்க. ஈரம் கீரம்லாம் எதுக்கு? பணம் வாங்கினதையும் சொல்ல வேணாம். சொன்னா யார் நம்புவாங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றும் இல்லை என்று இப்போது எழுதுவது சுலபம். உண்மையில் நான் நிறைய யோசித்தேன். இன்ஜின் வேலைக்குப் பணம் தேவையாக இருந்தது. நாங்கள் பொய் சொல்லப்போவதில்லையே, ஒன்றைச் சொல்லாமல் விடப்போகிறோம், அவ்வளவுதானே என்றுகூடத் தோன்றியது. என் கணவரிடம் கேட்டேன். அது உங்கள் இரண்டு பேர் விஷயம், அண்ணியைக் கேள் என்று சொல்லிவிட்டார்.

அக்கா அப்போது கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். திட்டவில்லை. ஐயாயிரம் பெரிய பணம்தான் என்றார். பிறகு ஒரு மீனை எடுத்து மணலைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"எடையில சந்தேகம் வந்துச்சின்னா மறுநாள் நம்ம கூடைகிட்ட ஒருத்தரும் குந்தமாட்டாங்க. நம்ம வீடியோவ பாத்துட்டு என்னைமாரி ஒருத்தி அத்த வாங்கிக்கினு மார்க்கெட்டுக்குப் போவா. அவளத் திருடின்னு சொல்லுவாங்க. தராசச் சொல்லமாட்டாங்க."

அன்று மாலையே தராசுக்காரருக்குத் தகவல் அனுப்பினேன். உங்கள் பணம் வேண்டாம், கோடும் வேண்டாம். பார்த்ததைப் பார்த்தபடி போடுகிறோம், தராசை வேண்டுமானால் திருப்பி அனுப்பிவிடுகிறோம். பதில் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இன்ஜினுக்கு அக்காவின் சீட்டுப் பணத்தில் கொஞ்சம், என் கம்மலை அடகு வைத்ததில் கொஞ்சம் என்று எப்படியோ சமாளித்தோம்.

வீடியோவை நிதானமாக எடுத்தோம். உப்பு பாக்கெட்டைத் தொங்கவிட்டது, நனைத்தது, எண் ஆடியது, காயவைத்தது எல்லாம் அதில் இருந்தது. ஈரத்தில் வேலை செய்கிறவர்கள் இதை வாங்காதீர்கள் என்றேன். மீன் விற்கிறவர்களுக்கு முள் தராசே மேல், அதைப் பக்கத்துப் பாத்திரக்கடையில் அரசு முத்திரை பார்த்து வாங்குங்கள் என்றேன். அதற்கு எங்களுக்குத் தரகு கிடையாது. காய்ந்த பொருளை வீட்டில் நிறுத்துப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தராசு நல்லது, விலையும் குறைவு என்றும் சொன்னேன், ஏனென்றால் அதுவும் உண்மை. எங்கள் வழக்கமான லிங்க்கை மட்டும் கீழே போட்டேன்.

பெரிய வெடி ஒன்றும் வெடிக்கவில்லை. வழக்கமாக நானூறு பேர் பார்ப்பார்கள். இதை இரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். அது எங்களுக்குத் திருவிழாதான். நான் எதிர்பார்க்காத இடத்தில் இருந்து கேள்விகள் வந்தன. காட்டூரில் நெல் பயிரிடுகிற ஒரு அம்மா போன் நம்பர் கேட்டு வாங்கிப் பேசினார். களத்தில் மூட்டை கட்டுமுன் நிறுத்து வைத்துக்கொண்டு, வியாபாரி எடையில் சாக்குக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்க்க முடியுமா என்றார். முழு மூட்டையை இது தாங்காது, சின்னப் பையாகப் போட்டுப் பார்க்கலாம், முத்திரை இல்லாததால் அதை வைத்து விற்கக் கூடாது, வீட்டுக் கணக்குக்கு மட்டும் என்றேன். வாங்கினார். வேர்க்கடலை காயவைக்கிறவர்கள், வத்தல் போடுகிறவர்கள், பழைய பேப்பர் போடுகிற வீட்டுப் பெண்கள் என்று அந்த மாதம் பதினெட்டு தராசு போனது. ஒன்றுக்கு இருபது ரூபாய்க்குக் கீழே. மொத்தம் முந்நூற்றுச் சொச்சம்.

ஐயாயிரம் எங்கே, முந்நூறு எங்கே. ஆனால் அதற்கு அடுத்த மாதத்தில் இருந்து ஒரு வித்தியாசம் தெரிந்தது. வாங்குவதற்கு முன்னால் எங்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். இந்த மழைக்கோட்டு நல்லதா, இந்த ஐஸ் பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும், இந்தக் கத்தி துருப்பிடிக்குமா. தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் பயன்படுத்தவில்லை என்று சொல்லிவிடுவேன். பல தடவை வேண்டாம் என்பதுதான் பதில், அதற்குக் காசு கிடையாது. ஆனாலும் வேண்டாம் என்று சொன்னவர்கள் இன்னொரு நாள் வேறு எதற்காவது திரும்பி வந்தார்கள்.

இப்போது எங்கள் சேனலில் மூவாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வருகிறது. தீபாவளி மாதத்தில் மூவாயிரத்தைத் தாண்டியது. கடலில் மீன் குறைந்த மாதத்தில் நானூறுக்கும் வந்திருக்கிறது, பொருள் வாங்கிச் சோதித்த செலவு போனால் அதில் ஒன்றும் மிஞ்சாது. நானும் அக்காவும் சரிபாதி. என் பங்கில் கேஸ் வாங்குகிறேன், போன் ரீசார்ஜ் போடுகிறேன், மிச்சம் கம்மலுக்கு. அக்கா தன் பங்கைச் செலவழிப்பதே இல்லை. கருவாட்டை மணலில் இருந்து தூக்கி உயரத்தில் வலை கட்டிய கட்டிலில் போட வேண்டும், அதற்குச் சேர்க்கிறேன் என்கிறார்.

நாலு மாதத்துக்கு முன்பு தோணிரேவில் இருந்து ஒரு பெண் எங்களைத் தேடி வந்தாள். பொன்னேரியில் ஜவுளிக்கடையில் வேலை, வீட்டில் பிளவுஸ் தைப்பாள். லிங்க் போட்டால் மாதம் லட்சம் என்று யாரோ சொன்ன வீடியோவைப் பார்த்திருக்கிறாள். அந்த ஆள் நடத்தும் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டுமாம். கடை வேலையை விட்டுவிடப் போகிறேன் என்றாள். நான் போனைத் திறந்து எங்கள் வரவை மாதம் மாதமாகத் தள்ளிக் காட்டினேன். பூஜ்யம், பூஜ்யம், கணக்கு மூடியது, பதினைந்து, நாற்பது. அவள் முகம் வாடிவிட்டது.

"ரெண்டு வருஷத்துக்கு இவ்ளோதானா அக்கா?"

"இவ்ளோதான். நெறைய பேரு பாத்தா கூட வரும். எங்களமாரி சின்ன எடத்துல இவ்ளோதான் வரும். லட்சம் வாங்கறவங்க எங்கயாச்சும் இருக்கலாம், நான் பாத்ததில்ல. வேலைய வுட்டுடாத. அந்த வகுப்புக்குக் காசும் கட்டாத, விதி எல்லாம் சும்மாவே படிக்கலாம்."

பக்கத்தில் இருந்த அக்கா அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒனக்கு ஊசி, கத்தரி எல்லாம் எது நல்லது, எது மட்டம்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"அது தெரியும்" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் ரோஷமாக. மிஷின் ஊசியில் எந்த வகை ஜாக்கெட் துணியில் நூலை அறுக்கும், எது அறுக்காது என்று அங்கேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். நான் போனை எடுத்து அப்படியே பிடித்தேன். தலையை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டுக் கையை வைத்துக்கொண்டேன்.

வேலையை அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ எடுக்கிறாள். முதல் மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. போன் செய்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். போன வாரம் பேசியபோது ஒரு பெட்டி ஊசியும் ஒரு இஞ்ச் டேப்பும் விற்றிருப்பதாகச் சொன்னாள். ஒன்பது ரூபாய். திருப்பும் கெடு இன்னும் முடியவில்லை, அதற்குள் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றாள். வாங்கியவர் யார் என்று தெரியாது, ஆனால் வீடியோவின் கீழே தர்மபுரிப் பக்கத்தில் இருந்து ஒரு பெண், நீங்கள் சொன்ன ஊசியில் தைத்தேன், நூல் அறுபடவில்லை என்று எழுதியிருக்கிறாள். அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.